இடமாற்ற உத்தியோகம்: வீட்டுக்கு வரும் மனிசன் விருந்தாளி ஆகாமல் இருக்க

கேள்வி: "என்ட மனிசன் நாடளாவிய சேவையில உத்தியோகத்தர். இப்ப குருநாகல்ல. அதுக்கு முந்தி மன்னார், அதுக்கு முந்தி மொனராகலை. நான் பட்டிருப்பு வலயத்தில ஆசிரியை, களுவாஞ்சிகுடியில என்ட சீதன வீட்டில ரெண்டு பிள்ளைகளோட இருக்கன். மூத்தவ நாலாம் ஆண்டு, சின்னவனுக்கு நாலு வயது. அவர் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா வாறார், வந்தா சண்டை. எல்லாரும் 'நீயும் போய் இரு' எண்டுறாங்க. போறதா, இருக்கிறதா? இருந்தா எப்படிச் சமாளிக்கிற?"

பதில்:

இப்போதைக்கு இருங்கள். ஆனால் இப்போது இருக்கிற மாதிரி இருக்க வேண்டாம். போகச் சொல்கிறவர்கள் தூரத்தைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் சண்டையைக் கிளப்புவது தூரத்தைவிட, அவர் வந்து நிற்கும் இரண்டு நாளின் அமைப்புத்தான் என்று நினைக்கிறேன். அதை மாற்றாமல் குருநாகலுக்குப் போனால் அதே சண்டை அங்கே வாடகை வீட்டில் நடக்கும்.

முதலில் போவதைப் பார்த்துவிடுவோம். நீங்கள் மாகாண ஆசிரியை. கிழக்கு மாகாணம் உங்களை விடுவிக்க வேண்டும், வடமேல் மாகாணம் ஏற்க வேண்டும், பெரும்பாலும் உங்கள் இடத்துக்கு ஒரு பதிலாளும் வேண்டும். அது ஒரு தவணையில் முடிகிற காரியம் அல்ல. அதற்குள் அவருக்கு அடுத்த மாற்றம் வந்தாலும் வரும். மூத்த பிள்ளைக்கு அடுத்த வருடம் புலமைப்பரிசில், அந்த நேரத்தில் பாடசாலையை மாற்றுவது சரியல்ல. சின்னவனுக்குத்தான் ஒரு வாசல் இருக்கிறது. அரச பாடசாலைகளில் முதலாம் ஆண்டு அனுமதியில், சேவைத் தேவைக்காக இடமாற்றம் பெற்ற அரச ஊழியரின் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறு ஒதுக்கீடு உண்டு. அது சேவைத் தேவைக்கான மாற்றத்துக்குத்தான், தானாகக் கேட்டு வாங்கிய மாற்றத்துக்கு அல்ல. அதனால் அவரது இடமாற்றக் கடிதத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். சின்னவன் முதலாம் ஆண்டுக்குப் போகும் காலத்தில் மூத்தவளின் புலமைப்பரிசிலும் முடிந்திருக்கும். குடும்பமாக நகர்வதென்றால் அதுதான் தோதான நேரம். அதற்குப் பிறகு மூத்தவள் பத்தாம் ஆண்டை எட்டிவிட்டால் சாதாரண தரம் முடியும்வரை அசைக்க வேண்டாம்.

இனி வீட்டுக்குள் வருவோம். நம்முடைய மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் கட்டியவர் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், தாய் வீடு அதே வளவில் அல்லது அடுத்த வேலிக்குள் இருக்கும். இது உங்களுக்குப் பெரிய பலம். கணவர் மன்னாரில் இருந்தபோது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உங்களோடு நிற்க அம்மா இருந்தார், மோட்டார் பழுதானால் தம்பி இருந்தார். தாய் வீட்டுக்குத் தூரத்தில் இருக்கும் பெண்ணுக்கு இந்த வசதி இல்லை. ஆனால் இதே ஏற்பாடுதான் அவரை மெல்ல மெல்ல வெளியே தள்ளுகிறது. அவர் இல்லாத இடத்தை உங்கள் வீட்டார் நிரப்பிவிடுகிறார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் கடப்படியைத் தாண்டி உள்ளே வரும்போது அவருக்கென்று ஒரு வேலை மிச்சம் இருப்பதில்லை. உங்கள் அம்மா நல்ல மீன் வாங்கி ஆக்கி வைப்பார், எல்லோரும் உபசரிப்பார்கள், அவர் விறாந்தையில் போனோடு இருப்பார். பிறகு திடீரென்று பிள்ளையின் கொப்பியைப் பார்த்துச் சத்தம் போடுவார், அல்லது தேங்காய் பறித்த கூலியைப் பற்றிக் கேட்பார். உங்களுக்கு அது குற்றம் பிடிப்பதாகப் படும். அவரோ தன் வீட்டில் தனக்கு ஒரு பிடிமானம் தேடுகிறார்.

ஆகவே முதல் வேலை, தூரத்தில் இருந்தும் அவர் மட்டுமே செய்யும் இரண்டு மூன்று பொறுப்புகளை அவரிடம் கொடுப்பது. உதவி என்ற அளவில் நின்றால் போதாது, அவர் செய்யாவிட்டால் அந்தக் காரியம் நடக்கக்கூடாது. மூத்தவளின் கணிதம் ஒன்று: கிழமையில் மூன்று இரவு, ஏழரைக்கு, வாட்ஸ்அப் வீடியோவில் இருபது நிமிடம். புலமைப்பரிசில் கடதாசி ஒன்றைப் படம் எடுத்து முதலே அனுப்பிவிட்டால் போதும். கறண்ட் பில், தண்ணீர் பில், காப்புறுதி எல்லாம் இணையத்தில் அவரே கட்டட்டும். வயல் இருந்தால் வயல். பெரும்போகத்துக்கு ஐப்பசியை ஒட்டி விதைப்பு, மாசி பங்குனியில் வெட்டு. உழவு மெசினுக்கும் உரத்துக்கும் வெட்டு மெசினுக்கும் ஆளோடு பேசுவது அவர் பொறுப்பு, களத்தில் நிற்பது தம்பியாக இருந்தாலும் சரி. இங்கே பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. அவர் ஒரு நாள் பிந்தினால் நீங்கள் பொறுக்க மாட்டாமல் அதைச் செய்துவிடுவீர்கள். பில் ஒரு கிழமை பிந்தினால் ஒன்றும் ஆகாது, விடுங்கள். இரண்டு முறை நீங்கள் செய்துவிட்டால் அது உங்கள் வேலை ஆகிவிடும்.

அடுத்தது தீர்மானங்கள். தனியாக வீட்டை நடத்தும் பெண் எல்லாவற்றுக்கும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது, கேட்காமல் எல்லாவற்றையும் செய்யவும் முடியாது. இருவரும் ஒருமுறை இருந்து பிரித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வருமானத்துக்கு ஏற்ற ஒரு தொகையை, பதினைந்தாயிரம் என்று வைப்போம், எல்லையாகப் போட்டு, அதற்குட்பட்ட செலவையும் அன்றாட வைத்தியத்தையும் பாடசாலை விடயத்தையும் நீங்களே முடித்துவிட்டுப் பிறகு சொல்லலாம். அந்தத் தொகைக்கு மேற்பட்டதும், டியூசன் மாற்றுவதும், யாருக்காவது கடன் கொடுப்பதும் அன்றிரவே கேட்டுச் செய்ய வேண்டியவை. காணி, கட்டட வேலை, நகை அடகு, கொண்டாட்டம் போன்றவை அவர் வரும்வரை நிற்க வேண்டும். இதில் தொகையைவிட முக்கியமானது செய்தி போகும் ஒழுங்கு. வளவில் இருந்த பலாமரத்தைத் தறித்த கதை அவருடைய தாய் மூலமாகவோ ஊரவர் மூலமாகவோ அவருக்குப் போகக்கூடாது. சின்னக் காரியமாக இருந்தாலும் முதலில் உங்கள் வாயால் அவருக்குப் போக வேண்டும். அதேபோல, மாற்றக் கடிதம் வரப்போகிறது என்று அலுவலகத்தில் கேள்விப்பட்டால் அவரும் முதலில் உங்களிடம்தான் சொல்ல வேண்டும், அக்காவிடம் அல்ல. இடமாற்றக் குடும்பங்களில் பெரிய சண்டைகள் பல, "எனக்கு ஏன் கடைசியாகத் தெரிந்தது" என்பதில்தான் கிளம்புகின்றன.

இப்போது அந்த இரண்டு நாள். குருநாகல் மட்டக்களப்புப் பாதையிலேயே இருப்பதால் அவர் வெள்ளி இரவு ரயில் ஏறினால் சனி விடியச்சாமம் மட்டக்களப்பு. அங்கிருந்து கல்முனைப் பக்கம் போகும் பஸ். வீடு வந்து சேரும்போது ஆள் நித்திரை இல்லாமல் களைத்திருப்பார், நீங்களோ பத்து நாள் கணக்கை மனதில் அடுக்கி வைத்திருப்பீர்கள். வந்த உடனே "மகன்ட ரீச்சர் கூப்பிட்டவ, கிணத்து மோட்டார் போச்சு, உங்கட அம்மா இப்படிச் சொன்னா" என்று தொடங்கினால் அன்றைய நாள் அவ்வளவுதான். பத்து மணிவரை அவரைப் படுக்க விடுங்கள். பகல் பிள்ளைகளோடு போகட்டும். சனி பின்னேரம் நாலரை ஐந்துக்கு, தேத்தண்ணியோடு, பிள்ளைகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அரை மணித்தியாலம் இருவரும் இருங்கள். ஒரு கொப்பி போதும். கிழமை முழுக்க நினைவுக்கு வருவதை அதில் எழுதிக்கொண்டே வாருங்கள், அவரும் தன் போனில் எழுதட்டும். முதலில் காசு, பிறகு பிள்ளைகள், பிறகு உறவுக்காரர். இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். உறவுக்காரரில் தொடங்கினால் மற்ற இரண்டுக்கும் நேரம் வராது.

ஞாயிறு பின்னேரச் சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வேறு வகை. மதியச் சாப்பாடு முடிந்து பேக் அடுக்கும் நேரத்தில், இஸ்திரி போடாத சேட்டுக்கோ மிளகாய்த்தூள் கட்டிய பொட்டலத்துக்கோ வரும் சண்டை அது. 1987இல் கத்லீன் வெஸ்டல் லோகன் என்பவர் அமெரிக்கக் கடற்படையினரின் மனைவிமாரைப் பற்றி எழுதியபோது இதைத்தான் குறித்தார்: கப்பல் புறப்படும் நாள் நெருங்க நெருங்க வாக்குவாதமும் விலகலும் கூடும். கவலையோடு பிரிவதைவிடக் கோபமாகப் பிரிவது மனதுக்கு லேசு. உங்கள் வீட்டுச் சண்டை இந்த வகையா என்று அறிய இலகுவான வழி உண்டு. விடயம் அற்பமாக இருக்கும், நேரம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும், திங்கள் இரவு யாருக்கும் காரணம் சரியாக நினைவிராது. அப்படியென்றால் அந்த விடயத்தைப் பேசித் தீர்க்க முனைய வேண்டாம், தீர்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஞாயிறு மதியத்துக்குப் பிறகு புதிதாக எதையும் எடுப்பதில்லை என்று வையுங்கள். நினைவு வந்தால் கொப்பியில் எழுதுங்கள். பேக்கை சனி இரவே அடுக்கி முடித்துவிட்டால் பாதிக் காரணம் போய்விடும். ஸ்டேஷனுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக முடிந்தால் மீதியும் குறையும்.

பிள்ளைகள் விடயத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "அப்பா வரட்டும், சொல்லுறன்" என்பதை இன்றே விடுங்கள். பத்து நாள் சேர்த்து வைத்த குற்றத்துக்கு அவர் வந்த அன்று தண்டனை கொடுக்க வேண்டி வந்தால், சின்னவனுக்கு அப்பாவின் வருகை என்றாலே பயம். அதைத் தவிர்க்க நினைக்கும் தகப்பன் எதிர்ப்பக்கம் போய் ரொபியும் விளையாட்டுச் சாமானும் போனும் கொடுத்துச் சரிக்கட்டுவார், பிறகு கண்டிப்பது முழுக்க உங்கள் தலையில். வீட்டில் இருப்பவர் வைத்த சட்டத்தை வருகிறவர் பிள்ளைகளுக்கு முன்னால் மாற்றக்கூடாது. மாற வேண்டும் என்று அவர் நினைத்தால் சனி பின்னேர அரை மணியில் சொல்லலாம்.

போன் பற்றிக் கொஞ்சம். நாளுக்குப் பல தடவை "சாப்பிட்டீங்களா, எங்க நிக்கிறீங்க" என்று எடுப்பது நெருக்கமல்ல, ஆஜர் எடுப்பது. இரவில் ஒரு நேரம், பதினைந்து நிமிடம், இருவருக்கும் பொருந்துவதாக வையுங்கள். அன்றைக்கு நடந்த ஒன்றை முழுதாகச் சொல்வது போதும். கோபம் வந்தால் எழுத்தில் மட்டும் சண்டை வேண்டாம். வாட்ஸ்அப்பில் எழுதியதை இரவு பன்னிரண்டுக்குத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம், குரலை அப்படிக் கேட்க மாட்டீர்கள். "இது சனிக்கிழமைக் கதை" என்று சொல்லி வைத்துவிடலாம், சனிக்கிழமை உண்மையாகவே அதை எடுத்தால் மட்டும்.

சந்தேகம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் ஊர் சும்மா இருக்காது. "தனியாக இருக்கிற ஆம்பிள" என்று ஒரு வார்த்தை யாராவது போட்டுவிடுவார்கள், அந்தப் பக்கம் அவருக்கும் யாராவது உங்களைப் பற்றிப் போடுவார்கள். இதற்குப் போனைச் சோதிப்பதைவிட நல்ல மருந்து, நீங்கள் அங்கே போவது. சித்திரை, ஆவணி, மார்கழி விடுமுறைகளில் ஒரு கிழமையாவது பிள்ளைகளோடு குருநாகலில் போய் நில்லுங்கள். அவர் எந்தக் கட்டிலில் படுக்கிறார், எந்தக் கடையில் சாப்பிடுகிறார், கூட வேலை செய்பவர்கள் யார் யார் என்று கண்ணால் கண்டுவிட்டால், பிறகு அவர் போனில் சொல்லும் பெயர்களுக்கு முகம் இருக்கும். அவருக்கும் ஒரு கிழமையாவது தன் இடத்தில் நீங்கள் விருந்தாளியாக இருப்பதைக் காணக் கிடைக்கும், அது நல்லது. அரச ஊழியருக்குக் கிடைக்கும் ரயில்வே வாரண்டைக் குடும்பத்துக்கும் எடுக்கலாம் என்பதால் செலவும் பெரிதல்ல. அவர் அங்கே பின்னேரங்களில் என்ன செய்கிறார் என்பதும் தெரியும். குவாட்டர்ஸில் நாலு ஆண்கள் தனியாக இருந்தால் போத்தல் வருவதற்கு நாளெடுக்காது. மாலையில் ஒரு விளையாட்டோ படிப்போ கோயிலோ ஏதாவது ஒன்று அவருக்கு இருக்க வேண்டும்.

லீவைக் கணக்குப் பண்ணாமல் எடுப்பதால்தான் பலர் வருடக் கடைசியில் கை விரிக்கிறார்கள். அரச உத்தியோகத்தருக்கு வருடத்துக்கு 21 நாள் சமயோசித லீவும் 24 நாள் விடுமுறை லீவும், மொத்தம் 45. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவதில் மாதத்துக்கு ஒருமுறை திங்களையும் சேர்த்தால் மூன்று நாள் கிடைக்கும், அதற்கு வருடத்துக்கு 12 நாள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு 3, வெட்டுக்கு 4, மூத்தவளின் பரீட்சையை ஒட்டி 3. ஆக 22. மிச்சம் 23 நாளை வருத்தத்துக்கும் திடீர்க் காரியத்துக்கும் தொடாமல் வையுங்கள். இதைத் தை மாதத்திலேயே கலண்டரில் எழுதி அடுப்படியில் மாட்டுங்கள். பிள்ளைகள் நாளை எண்ணுவார்கள். ஒரு எச்சரிக்கை: கார்த்திகை, மார்கழி, தை மாரி மாதங்கள். வெள்ளம் போட்டால் மன்னம்பிட்டி, வெலிகந்தைப் பக்கம் ரயிலும் றோட்டும் நின்றுவிடும். அந்த மாதங்களில் பிள்ளைகளிடம் "சனிக்கிழமை அப்பா வருவார்" என்று உறுதியாகச் சொல்லாதீர்கள், "தண்ணி இல்லாட்டி வருவார்" என்று சொல்லுங்கள்.

காசைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குருநாகல் அறை, சாப்பாடு, பயணம் மூன்றும் குடும்பச் செலவு, அவருடைய சொந்தச் செலவு அல்ல. இதை இப்படி எழுதி வைக்காவிட்டால், அவர் கடையில் சாப்பிடுவது உங்களுக்கு உறுத்தும், உங்கள் தாய் வீட்டுக்கு நீங்கள் கொடுப்பது அவருக்கு உறுத்தும். ஒரு உதாரணம்: இருவர் கைக்கும் வருவது 2 இலட்சம் என்றால், அங்கத்தைய செலவுக்கு 45,000, வீட்டுக்கு 95,000, சேமிப்பும் கடனும் 40,000, மிச்சம் இருபதில் ஆளுக்குப் பத்து, அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. தொகைகள் உங்களுக்கேற்ப மாறும், கணக்குக் கேட்காத அந்தப் பத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அவர் தன் தாய்க்குக் கொடுப்பதும் நீங்கள் உங்கள் அம்மாவுக்குக் கொடுப்பதும் அதிலிருந்து போகட்டும்.

அடுத்த இடமாற்றம் வருவதற்கு முன்னர் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வருடாந்த மாற்றங்கள் பொதுவாக ஜனவரி 1இல் நடைமுறைக்கு வரும், விண்ணப்பம் அதற்குப் பல மாதம் முந்தியே போகும். அந்தப் படிவத்தில் விரும்பும் இடங்களை அவர் தனியாக அலுவலகத்தில் இருந்து நிரப்பக்கூடாது. பொலனறுவையா, அம்பாறையா, திருகோணமலையா என்று இருவரும் இருந்து எழுதுங்கள். அம்பாறை கிட்டத்தானே என்று உடனே தாவ வேண்டாம். தினமும் போய்வரும் தூரத்தில் இருப்பவர் காலை ஐந்தரைக்குப் போய் இரவு ஏழுக்கு வந்து, வீட்டிலேயே இல்லாதவர் மாதிரி ஆவதும் உண்டு. கிழமை நாளில் அங்கே நின்று சனி ஞாயிறு வீட்டில் முழுதாக இருப்பது சிலருக்கு அதைவிட நல்லது. மேன்முறையீடு செய்வதென்றால் "குடும்பக் கஷ்டம்" என்று எழுதுவதில் பயனில்லை. உங்கள் சேவைச் சான்று, பிள்ளையின் பாடசாலைக் கடிதம், வைத்திய அறிக்கை, முன்னர் அவர் செய்த வெளி மாவட்டச் சேவைக் காலம் ஆகியவற்றை இணைத்து, கடிதத்தில் குறித்த திகதிக்குள் போக வேண்டும்.

சண்டை இருப்பதைக் கண்டு பயப்படாதீர்கள், சண்டை நின்றுபோனால் கவனியுங்கள். அவர் வருவதை மூன்று கிழமை, நாலு கிழமை என்று தள்ளுவது, வந்தாலும் முன்னறையில் தனியாகப் படுப்பது, இரவுக் கோலில் பில்லும் பிள்ளையும் தவிர ஒன்றும் இல்லாமல் போவது, சம்பளம் பற்றிய பேச்சு ஒரேயடியாக நிற்பது, இவற்றில் இரண்டு மூன்று மாதக்கணக்கில் நீடித்தால் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டுவதற்கு முதல் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் போங்கள். கட்டணம் இல்லை. இருவரும் போக முடியாவிட்டால் ஒருவர் போனாலும் தொடங்கலாம். மாமாமார் கூடிப் பேசும் பஞ்சாயத்தில் யார் பிழை என்பதுதான் வரும், உங்களுக்குத் தேவை அதுவல்ல. மனம் மிகவும் தளர்ந்தால் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம்.

கடைசியாக, அவர் மட்டக்களப்புக்கே மாற்றலாகி வரும் காலம். எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள், ஆனால் முதல் மூன்று மாதம் கஷ்டமாகத்தான் இருக்கும். இவ்வளவு காலமும் நீங்கள் நடத்திய வீட்டில் ஒரு பெரிய ஆள் வந்து நாள் முழுக்க நிற்பார், அவருக்கும் தன் இஷ்டப்படி இருந்த பழக்கம் இருக்கும். பொறுப்புகளை ஒரே நாளில் கைமாற்ற வேண்டாம். முதல் மாதம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குவதும் சந்தையும், அடுத்த மாதம் டியூசனும் வைத்தியமும், மூன்றாம் மாதம் காசுக் கணக்கு. தம்பி இத்தனை வருடம் செய்த வேலைகளை அவரிடமிருந்து நன்றியோடு வாங்குங்கள், பிடுங்கக்கூடாது. அதை உங்கள் கணவர் வாயால் தம்பியிடம் சொல்வது நல்லது. சனி பின்னேர அரை மணியை அப்போதும் நிறுத்த வேண்டாம்.